காணாமல் போகாத கேம்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பர் என்றால் மாலை நேரத்து இடிமழைதான். வானம் இருண்டதுமே வீட்டுப் பெரியவர்கள் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பக்கத்தில் ஆரஞ்சு விளக்கோடு கிடக்கும் பிஎஸ்4 பெட்டி தூங்குகிறது என்று விட்டுவிடுவார்கள். அது தூங்குவதில்லை. ரெஸ்ட் மோடில் கேம்களைப் பதிவிறக்கி வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் கரண்ட் போனால் எழுதுவது பாதியில் நின்றுவிடும்.

கிள்ளானில் ஒரு வீட்டில் இப்படித்தான் ஆனது. மறுநாள் மெனு நகரவே திணறியது. இரண்டு கேம்களைக் காணவில்லை. "மாமா, எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பையன் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மாமாவுக்குப் போன் செய்தான். மாமா கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டோரேஜ்ல எவ்வளவு இடம் காலியா இருக்குன்னு பாரு." காலியிடம் கூடவில்லை. அப்படியென்றால் கேம்கள் உள்ளேதான் இருக்கின்றன.

மளிகைக் கடையில் சரக்கு அலமாரியிலேயே இருக்க, இருப்புப் புத்தகத்தில் மட்டும் பக்கம் கிழிந்துபோனது போன்ற நிலை இது. மெனு ஒவ்வொரு முறையும் வன்தட்டைத் துழாவுவதில்லை. அந்தப் புத்தகத்தை, அதாவது தரவுத்தளத்தைத்தான் படிக்கிறது. அதைத் திருத்தி எழுதினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறி வந்தார். பெட்டி ஓரளவு இயங்கியதால், சேமித்த ஆட்டங்களை முதலில் யூஎஸ்பி டிரைவில் நகல் எடுத்தார். பிறகு பெட்டியை முழுவதுமாக அணைத்தார். ரெஸ்ட் மோடிலிருந்து பொத்தானை அழுத்தினால் பெட்டி வழக்கம்போல் விழித்துக்கொள்ளும், சேஃப் மோட் வராது. விளக்கு அணைந்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தார். உடனே ஒரு பீப், சுமார் 7 வினாடி கழித்து இன்னொன்று. அப்போதுதான் விரலை எடுக்க வேண்டும்.

திரை வந்தது, கன்ட்ரோலர் மட்டும் வேலை செய்யவில்லை. சேஃப் மோடில் அதை யூஎஸ்பி கேபிளில் இணைத்து பிஎஸ் பொத்தானை அழுத்த வேண்டும். பையன் கொடுத்ததோ சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள். பலர் இந்த இடத்தில்தான் பெட்டியே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். தரவு கடத்தும் கேபிளை மாற்றியதும் கன்ட்ரோலர் உயிர்பெற்றது.

பட்டியலில் ஐந்தாவது "Rebuild Database". அது கேம்களையோ சேமிப்பையோ அழிப்பதற்கானது அல்ல. கெட்டுப்போன கோப்பு ஏதும் இருந்தால் மட்டும் அது நீங்கக்கூடும். அதற்கு அடுத்த ஆறாவதும் ஏழாவதும் "Initialize" என்று தொடங்குபவை, பெட்டியையே துடைத்துவிடும். ஒரு வரி தவறினால் எல்லாம் போய்விடும் என்பதால் மாமா ஐந்து என்ற எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டே அழுத்தினார்.

சில பெட்டிகளுக்குச் சில நிமிடம் போதும். நிரம்பி வழியும் வன்தட்டுக்கு மணிக்கணக்கு ஆகும். முன்னேற்றக் கோடு உறைந்ததுபோல் நின்றாலும் பிளக்கைத் தொடக்கூடாது. இந்த வீட்டில் கோடு முடிந்ததும் இரண்டு கேம்களும் திரும்பி வந்தன, ஐகான்களின் வரிசை மட்டும் மாறியிருந்தது.

கிளம்பும்போது மாமா பையனிடம் ஒன்று சொன்னார்: "ஒரு வாரத்துல மறுபடி உறைஞ்சா, உள்ளே டக் டக்னு சத்தம் கேட்டா, திரும்ப இதையே செய்யாதே. அது வன்தட்டு சாகிற சத்தம். மாத்திடலாம்."