கடைசி நான்கு இலக்கம்

மாட்டுங்காவில் ஒரு சபாவின் கச்சேரி. செம்பூரிலிருந்து தொண்டராகப் போயிருந்தேன். வாசலில் டிக்கெட் ஸ்கேன் செய்யும் வேலை.

நான்கு டிக்கெட் சேர்த்து வாங்கினாலும் ஒரே கியூஆர் கோடுதான் வரும். அதை ஸ்கேன் செய்துவிட்டு, எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணை அழுத்த வேண்டும். மீதி கணக்கில் நிற்கும். போன் கையில் இல்லாமல் வருகிறவர்களுக்கும் வழி உண்டு. முன்பதிவு செய்த போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் தட்டினால் பெயரும் மீதி இருக்கைகளும் திரையில் வந்துவிடும். பத்து வினாடி வேலை. சாயங்காலம் நான்கு மணிக்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கிய பிறகு பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமி வந்தார். போனில் சார்ஜ் இல்லை என்றார். எண்ணைக் கேட்டுத் தட்டினேன், பெயர் வந்தது, "உள்ள போங்க மாமி" என்றேன்.

அவருக்குப் பின்னால் ஒரு ஆச்சி. வெளுத்த நூல்சேலை, ரப்பர் செருப்பு. தாராவி லேபர் கேம்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"எம்மவன் உள்ள போயிட்டான் தம்பி. என் சீட்டும் அவன்கிட்டதான் இருக்கு."

"டிக்கெட் இல்லாம விட முடியாது. மகனுக்குப் போன் போடுங்க."

அவரிடம் போன் இல்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்து நீட்டினார். நீல மையில் பத்து இலக்கம். கடைசி நான்கும் என் கண்ணெதிரே இருந்தன. நான் தட்டவில்லை. பின்னால் வரிசை எதுவும் இல்லை, அவசரமும் இல்லை. சேலையைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன், ஓசியில் நுழையப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. "ஓரமா நில்லுங்க" என்றேன். ஆச்சி ஒன்றும் பேசாமல் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

தனி ஆவர்த்தனமும் முடிந்து, கடைசித் துக்கடா கேட்கத் தொடங்கியபோதுதான் மனசு கேட்கவில்லை. படிக்கட்டுக்குப் போய்க் காகிதத்தை வாங்கித் தட்டினேன். நான்கு இருக்கை. வேறொரு வாசல் வழியாக மூன்று பேர் போயிருந்தார்கள். மீதி ஒன்று. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அந்த ஒன்று அங்கேயே இருந்திருக்கிறது.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். மகன் எழுந்து வந்தார். போனை அணைத்து வைத்திருந்ததால், அம்மா வரவில்லையோ என்று தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ரொம்ப நன்றி சார். நீங்க மட்டும் இல்லேன்னா அம்மா திரும்பிப் போயிருப்பாங்க."

"பரவாயில்ல சார்" என்றேன்.

ஆச்சி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மகனிடம் எதுவும் சொல்லவில்லை. காகிதத்தை மறுபடி நாலாக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் மங்களம் பாட ஆரம்பித்திருந்தார்கள்.