பேரனின் சளியும் நாங்க கேட்டு வாங்கிய மருந்தும்

ரெண்டு வாரமா கோயில் பக்கம் எங்களைக் காணோமேன்னு பலர் கேட்டீங்க. நாலு மாசப் பேரனோட மருத்துவமனையில் இருந்தோம். இப்போ நல்லா இருக்கான். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு உதவுமேன்னு நடந்ததை எழுதுறோம்.

பாலர் பள்ளிக்குப் போகும் அக்காதான் முதல்ல சளியோட வந்தா. அவளுக்கு ரெண்டு நாள் மூக்கு ஒழுகினதோட சரி. வெள்ளிக்கிழமை தம்பிக்கும் மூக்கு ஒழுக ஆரம்பிச்சுது. ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுல பூனைக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம். பயந்து போய் கிளினிக்குக்கு ஓடினோம். அங்கே "வைரஸ்தான், பார்த்துக்குங்க"ன்னு சொன்னாங்க. நாங்க விடலை. "ஆண்டிபயாட்டிக் கொடுங்க, அப்பதான் சீக்கிரம் அடங்கும்"னு வற்புறுத்தி வாங்கிட்டு வந்தோம். தப்பு எங்க பேர்லதான்.

மறுநாள் வயிற்றுப்போக்கு. ஏற்கெனவே பால் சரியா குடிக்காத பிள்ளை. வழக்கமா 120 மில்லி குடிப்பவன் 50 மில்லியோட முகத்தைத் திருப்பிக்கிட்டான். செவ்வாய்க்கிழமை காலையில் மருமகள் சட்டையைத் தூக்கிக் காட்டினா. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்துச்சு. உடனே அவசரப் பிரிவு. விரல்ல மாட்டிப் பார்த்ததுல ஆக்சிஜன் 89 தான்.

பிரோங்கியோலைட்டிஸ்னு சொன்னாங்க. நுரையீரலுக்குள்ளே இருக்கிற ரொம்பச் சின்னக் காற்றுக்குழாய்கள் வைரஸ் கிருமியால் வீங்கிச் சளியால் அடைபடுற நோய். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் காரணம். ரெண்டு வயசுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வரும். அதே வைரஸ் அக்காவுக்கு வெறும் சளி, தம்பிக்கு மட்டும் ஏன் இப்படி? ஃபேக்டரியில் காற்றுக் குழாய்களோட பழகினவங்களுக்கு இது சட்டுனு புரியும். பெரிய குழாய்ல கொஞ்சம் அழுக்கு படிஞ்சா காற்று போய்க்கிட்டேதான் இருக்கும். மெல்லிசான குழாய்ல அதே அழுக்கு படிஞ்சா பாதி வழி அடைஞ்சிடும்.

"இன்னும் பலமான ஆண்டிபயாட்டிக் போடுங்க டாக்டர்"னு அங்கேயும் கேட்டோம். டாக்டரம்மா கோபப்படாம சொன்னாங்க: "ஐயா, அது பாக்டீரியாவைக் கொல்லுற மருந்து. இது வைரஸ். அதை ஒண்ணும் செய்யாது. வயிற்றுப்போக்கு அந்த மருந்தால வந்திருக்கலாம். காதுலயோ நுரையீரல்லயோ பாக்டீரியா சேர்ந்துக்கிட்ட அறிகுறி தெரிஞ்சா நானே கொடுப்பேன். இப்ப இல்லை." பாதி பாட்டிலோட அந்த மருந்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க.

அப்புறம் என்னதான் செஞ்சாங்க? மூக்குல மெல்லிய குழாய் வழியா ஆக்சிஜன். உப்புத்தண்ணிச் சொட்டு விட்டு மூக்குச் சளியை மெதுவா உறிஞ்சி எடுத்தாங்க. கைக்குழந்தை பெரும்பாலும் மூக்காலதான் மூச்சு விடும். மூக்கு அடைச்சா பாலும் குடிக்க முடியாது. மூச்சு வாங்கும்போது பால் புரையேறாம இருக்க, மூக்கு வழியா வயிற்றுக்குக் குழாய் போட்டு, தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க. அவ்வளவுதான். மருந்தே கொடுக்காம சும்மா வச்சிருக்காங்களேன்னு முதல் நாள் எங்களுக்கு ஆத்திரம்தான். ஆனா வீக்கம் தானா வடியுற வரைக்கும் மூச்சும் நீரும் குறையாம பார்த்துக்கிறதுதான் இதுக்கு வைத்தியம். இந்த நோய் மூணாம் நாள்ல இருந்து அஞ்சாம் நாள் வரைக்கும்தான் உச்சத்துல இருக்குமாம். நாங்க போனது அஞ்சாம் நாள். மூணு ராத்திரி தங்கி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். இருமல் இன்னும் இருக்கு. ரெண்டு மூணு வாரம் இழுக்கும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க.

எல்லாப் பிள்ளைக்கும் மருத்துவமனை தேவைப்படாது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே தேறிடும். பாலைக் குறைச்சுக் குறைச்சு அடிக்கடி கொடுத்து, மூக்கைச் சுத்தமா வச்சா போதும். இருமல் மருந்து வேண்டாம். ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது. குளிப்பாட்டி சாம்பிராணி போடுற வழக்கத்தையும் எங்க வீட்டுல நிறுத்திட்டோம். எந்தப் புகையா இருந்தாலும் வீங்கின குழாய்க்கு எரிச்சல்தான். வீட்டுக்காரம்மாவுக்குத்தான் இதுல கொஞ்சம் வருத்தம்.

ஆனா பால் பாதிக்கும் கீழே போனா, 12 மணி நேரமா பெம்பர்ஸ் நனையலைன்னா, நெஞ்சு உள்ளே இழுத்தா, முனகினா, எழுப்பியும் சரியா முழிக்கலைன்னா காத்திருக்காதீங்க. உதடு நீலமாறதும் மூச்சு நின்னு நின்னு வர்றதும் ஆம்புலன்ஸ் கூப்பிடுற அவசரம். மூணு மாசத்துக்குள்ள உள்ள பிள்ளை, குறைமாசத்துல பிறந்தது, இதயக் கோளாறு உள்ளதுன்னா இன்னும் முன்னாடியே போயிடணும்.

இருமல் அடங்கினதும் பேரனைக் கோயிலுக்குக் கொண்டு வருவோம். தூக்கிக் கொஞ்ச வர்றவங்க கையைக் கழுவிட்டு வாங்க. சளி இருந்தா தூரத்துல இருந்தே பாருங்க. கோவிச்சுக்காதீங்க.