ஆறும் ஐந்தும்

ஜப்பானிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த நீல நிறப் புத்தகம் ஒன்று பெரியபட்டினத்து வீட்டின் பீரோவில், அத்தாவின் பழைய பாஸ்போர்ட்டுகளுக்கு நடுவே கிடக்கிறது. கையகலம்தான். உள்ளே என் பெயர், பிறந்த தேதி, ஒரு பத்திலக்க எண். அங்கே அதை நென்கின் புத்தகம் என்பார்கள். நென்கின் என்றால் ஓய்வூதியம்.

2023 ஆகஸ்டில் திரும்பினேன். 2025 ஆகஸ்டுக்குள் அந்தப் புத்தகத்தை வைத்து ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இரண்டு வருஷம் எனக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் இந்த முடிவால்தான் என்று சொன்னால் மிகை. ஆனால் கடைசி இரண்டு மாதம் கெட்டது உண்மை.

விஷயம் இதுதான். நான் ஜப்பானில் சரியாக ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். இந்தியக் கம்பெனி அனுப்பி வைத்து அல்ல. அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்து. அனுப்பி வைக்கப்பட்டவர்கள் இங்கே பிஎஃப் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால், இங்கேயே பிஎஃப் கட்டிக்கொண்டு அங்கே கட்டாமல் இருக்கலாம். எனக்கு அந்த வழி இல்லை. அறுபது மாதமும் சம்பளத்தில் 9.15 சதவீதம் பிடித்தார்கள், கம்பெனி தன் பங்குக்கு அதே அளவு கட்டியது.

ஜப்பானில் ஓய்வூதியம் வாங்க குறைந்தது பத்து வருஷம் கட்டியிருக்க வேண்டும். 2017 வரைக்கும் அது இருபத்தைந்து வருஷம். ஐந்து வருஷக்காரனுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் நாட்டை விட்டுப் போகிற வெளிநாட்டுக்காரருக்கு ஒரு ஆறுதல் வைத்திருக்கிறார்கள்: வெளியேறிய இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் ஒரு மொத்தத் தொகை கொடுத்துவிடுவார்கள்.

இந்தப் பக்கம் வந்தால், இங்கேயும் பத்து வருஷம்தான். பிஎஃப் கட்டுகிறவர்களில் பலர் கவனிப்பதில்லை. கம்பெனி கட்டுகிற பங்கிலிருந்து 8.33 சதவீதம், ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, தனியாக ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. 1995-ல் வந்த திட்டம். பத்து வருஷம் இருந்தால் 58 வயதில் மாதாமாதம் பணம். இல்லையென்றால் இல்லை. எனக்கு இங்கே 2012 நடுவிலிருந்து 2018 நடுவு வரை ஆறு வருஷம்.

ஆறு வருஷம் இங்கே போதாது. ஐந்து வருஷம் அங்கே போதாது. பதினோரு வருஷம் உழைத்து, இரண்டு நாட்டிலும் 'தகுதி இல்லை'.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் நாடுகளுக்கிடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்கு முதலாவது பெல்ஜியத்தோடு, 2009-ல் அமலுக்கு வந்தது. அப்புறம் ஜெர்மனி, பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா என்று பட்டியல் நீண்டது. ஜப்பானோடு போட்டது 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நான் முதலில் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். ஜப்பான் பணத்தை இந்தியாவுக்கு அனுப்பிவிடும், இங்கே ஒரே கணக்காகச் சேர்த்து ஓய்வூதியம் தருவார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. பணம் ஒரு பைசா நகராது. சேர்வது வருஷம் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு கேள்விக்காக: "இந்த ஆளுக்குப் பத்து வருஷம் இருக்கிறதா?" ஜப்பான் தன் ஐந்தோடு இந்தியாவின் ஆறைக் கூட்டிப் பார்க்கும். பதினொன்று. சரி, உள்ளே வா. உள்ளே விட்ட பிறகு, தன்னிடம் கட்டிய ஐந்து வருஷத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுத் தரும். இந்தியாவும் அப்படியே, தன் ஆறு வருஷத்துக்கு. நம்ம பாஷையில் சொன்னால், இரண்டு டேட்டாபேஸ் ஒன்றாவதில்லை. ஒன்று மற்றொன்றைப் படிக்க மட்டும் அனுமதி கேட்கிறது. ஒரே மாதம் இரண்டு பக்கமும் பதிவாகியிருந்தால் ஒரு முறைதான் எண்ணுவார்கள்.

எவ்வளவு வரும்? மாதச் சராசரி, போனஸ் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கணக்கில் அதை ஆயிரத்துக்கு 5.481 என்ற விகிதத்தாலும், அறுபது மாதத்தாலும் பெருக்க வேண்டும்: வருஷத்துக்கு 98,658 யென். அதற்குமேல் எல்லோருக்கும் பொதுவான அடிப்படை ஓய்வூதியம். நாற்பது வருஷம் கட்டியவருக்கு 2024 நிதியாண்டில் அது வருஷத்துக்கு 8,16,000 யென். ஐந்து வருஷத்துக்கு எட்டில் ஒரு பங்கு, 1,02,000. இரண்டும் சேர்ந்து இரண்டு லட்சம் யென் சொச்சம். இன்றைய மதிப்பில் மாதம் ஒன்பதாயிரம், பத்தாயிரம் ரூபாய். 65 வயதிலிருந்து, உயிரோடு இருக்கும் வரை.

இந்தியப் பக்கம்? சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். சம்பளம் என்றால் உண்மைச் சம்பளம் இல்லை. 2014 ஆகஸ்ட் வரை 6,500 ரூபாய், அதற்குப் பிறகு 15,000 என்ற உச்சவரம்பு. என் ஆறு வருஷத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே. சிரிப்பு வரும் தொகைதான். ஆனால் அந்த ஆறு வருஷத்தின் உண்மையான மதிப்பு அந்த ஆயிரம் ரூபாய் இல்லை. ஜப்பானின் கதவைத் திறக்கிற சாவி அதுதான்.

இங்கேதான் எனக்குக் குலை நடுங்கியது. ஏனென்றால் நான் வேலைக்குச் சேர்ந்தது 2012-ல் அல்ல, 2010-ல். முதல் கம்பெனியை விட்டபோது தங்கச்சி கல்யாணம் இருந்தது. பிஎஃப் முழுவதையும் எடுத்தேன். கூடவே படிவம் 10சி என்று ஒன்றையும் நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினேன். ஓய்வூதியப் பங்காக ஏறக்குறைய 13,000 ரூபாய் வந்தது. அதோடு அந்த இரண்டு வருஷ சேவையும் அழிந்துவிட்டது என்பது அப்போது தெரியாது. இரண்டாவது கம்பெனியை விட்டு ஜப்பான் போகும்போதும் அதையே செய்திருப்பேன். விசா அலைச்சலில் நேரமில்லாமல் போனதால் அந்த ஆறு வருஷம் பிழைத்தது. அறிவால் இல்லை, சோம்பலால்.

அதே படிவம் 10சி-யில் இன்னொரு வழி இருக்கிறது. பணம் வேண்டாம், திட்டச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்கலாம். இத்தனை வருஷம் இவர் உறுப்பினராக இருந்தார் என்று எழுதிக் கொடுப்பார்கள். வெளிநாடு போகிறவர்கள் பிஎஃப் சேமிப்பை எடுக்கட்டும். இந்தச் சான்றிதழை மட்டும் பணமாக்கிவிடக் கூடாது. நான் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை வாங்கினேன்.

சரி, இப்போது முடிவு. ஜப்பான் தருகிற மொத்தத் தொகை, அறுபது மாதத்துக்குச் சராசரிச் சம்பளத்தின் 5.5 மடங்கு: 16,50,000 யென். அதில் 20.42 சதவீதம் வரி பிடித்து, கையில் 13,13,070. பிடித்த வரியை அங்கே ஒரு வரி முகவரை வைத்துத் திருப்பிக் கேட்கலாம். முகவர் இல்லாமலே ஏழரை லட்சம் ரூபாய்க்குப் பக்கம். ஆனால் வாங்கிய நொடியில் ஐந்து வருஷமும் ஜப்பானின் பதிவிலிருந்து போய்விடும். கூட்டுவதற்கு அப்புறம் ஒன்றும் இருக்காது.

அத்தாவிடம் சொன்னேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடல் காற்றில் மேல்தளத்துக் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுகிறது. சரிசெய்ய கொத்தனார் சொன்ன கணக்கு ஏறக்குறைய ஏழு லட்சம்.

"ஏழரை இப்பவே வருமா?"

"ஆமா அத்தா."

"இல்லாட்டி?"

"அறுபத்தஞ்சு வயசுல மாசாமாசம் வரும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு அப்படி ஏதும் எழுத்துல இருந்துச்சா தம்பி, நான் விட்டுட்டேனா?" என்று கேட்டார்.

அத்தா சவூதியில் இருபத்திரண்டு வருஷம். மூன்று முதலாளிகள்: நாலு வருஷம், எட்டு வருஷம், பத்து வருஷம். அங்கே வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. சமூகக் காப்பீட்டில் வேலையிடத்து விபத்துக்கான பகுதி மட்டும். இருப்பது பணிமுடிவுத் தொகை. இப்போதைய சட்டப்படி முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், அதன் பிறகு ஒரு மாதச் சம்பளம். இருபத்திரண்டு வருஷமும் ஒரே இடமென்றால் 19.5 மாதச் சம்பளம் வரும். ஆனால் முதலாளி மாறினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. தானாக விலகினால் இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரை மூன்றில் ஒரு பங்கு, பத்துக்குக் கீழே மூன்றில் இரண்டு. அத்தா முதல் இரண்டு இடத்திலும் தானாக விலகியவர். இன்றைய சட்டத்தை அவர் வருஷங்களுக்குப் போட்டுப் பார்த்தேன்: பன்னிரண்டு மாதத்துக்கும் குறைவு. அதே உழைப்பு, அதே இருபத்திரண்டு வருஷம். துண்டானதற்கு அபராதம் ஏழரை மாதச் சம்பளத்துக்கும் மேல். அதிலும் அவர் கைக்கு வந்தது கடைசி முதலாளி கொடுத்தது மட்டும். அது இந்த வீடானது.

"நீங்க எதையும் விடல அத்தா. இல்லாததை எப்படி விட முடியும்?" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு வருஷங்களைக் கூட்டினால் நூற்றாண்டுக் கணக்கில் வரும். பழைய துறைமுகம், மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு கிடைக்கிற ஊர். ஆனால் வளைகுடா நாடு எதனோடும் இந்தியாவுக்கு இப்படி ஒப்பந்தம் இல்லை. அரசாங்கம் கையெழுத்துப் போட மறந்ததால் மட்டும் இல்லை. இந்த ஒப்பந்தம் ஒரு கூட்டல். அங்கே வெளிநாட்டுக்காரரின் ஓய்வூதிய வருஷம் பூஜ்யம். இங்கே அத்தா போவதற்கு முன்னால் பார்த்த கடைவேலைக்கு பிஎஃப் கிடையாது, அதுவும் பூஜ்யம். எந்தக் காகிதமும் இரண்டு பூஜ்யத்தைக் கூட்டிப் பத்தாக்க முடியாது. பட்டியலில் இருப்பதெல்லாம் என் போன்றவர்கள் போகிற நாடுகள்.

கணக்கு மட்டும் பார்த்தால் மொத்தத் தொகைதான் சரி என்று நண்பர்கள் சொன்னார்கள். வரி முழுவதும் திரும்பி வந்தால் அது எட்டு வருஷ ஓய்வூதியத்துக்குச் சமம். 65-லிருந்து 73 வரை வாங்கினால்தான் அது ஈடாகும். இடையில் அந்தப் பணத்தை இருபத்தெட்டு வருஷம் முதலீட்டில் வைக்கலாமே என்றார்கள். நியாயமான வாதம். ஆனால் அந்தப் பணம் முதலீட்டுக்குப் போகாது என்று எனக்குத் தெரியும். மேல்தளத்துக்குப் போகும். மொத்தமாக வந்த பணமெல்லாம் இந்த வீட்டில் அப்படித்தான் போயிருக்கிறது. தொண்ணூறு வயது வரை இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு எந்த முதலீட்டுக் கணக்கும் பதில் சொல்வதில்லை. ஓய்வூதியம் மட்டும் சொல்கிறது.

கெடு தேதி ஒரு வேலைநாளில் வந்தது. மாலை வரை மடிக்கணினியில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பிக்கவில்லை.

மேல்தளத்துக்கு வங்கியில் கடன் வாங்கியிருக்கிறேன். திட்டச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நீலப் புத்தகத்தோடு சேர்த்து பீரோவில் வைத்தேன். 2046-ல் எனக்கு 58 ஆகும்போது இங்கே பிஎஃப் அலுவலகத்தில், 2053-ல் 65 ஆகும்போது அதே அலுவலகம் வழியாக ஜப்பானுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இரண்டு தேதியையும் உறையின் மேல் எழுதினேன்.

அத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட்டுக்கு மேல வைக்காத தம்பி, கீழ வை. மேல இருக்குறதுதான் தொலையும்" என்றார்.

கீழே வைத்தேன்.