கால் ஏன் முறுகுது?

தோய்ச்ச பிறகு ஒரு கால் முறுகி முன்னுக்கு வருது எண்டு ஆக்கள் கொண்டுவாற சல்வார்க் காற்சட்டையளை நாங்கள் பிரிச்சுப் பார்த்திருக்கிறம். தையல் நேராத்தான் இருக்கும். கால் வெட்டுப்பட்ட இடத்தில்தான் நூல் சரிஞ்சிருக்கும்.

கடையில் வெட்டித் தாற பருத்தித் துணியின் ஓரம் நேரா இருக்கிறது அபூர்வம். அதனால் கரையோரம் சின்னதா ஒரு வெட்டுப் போட்டு, ஒரேயொரு குறுக்கு நூலைப் பிடிச்சு மெதுவா இழுப்பம். நூல் போன வழியில் மெல்லிய கோடு விழும், அதிலதான் வெட்டவேணும். இடையில் நூல் அறுந்தால் அதுவரை வெட்டி, அடுத்த நுனியைப் பிடிக்கலாம்.

பிறகு கரையோடு கரை சேர்த்து மடிக்கிறம். மூலைகள் பொருந்தாட்டி துணி கோணியிருக்கு. அப்ப விரிச்சு, எதிரெதிர் மூலைகளில் எந்தச் சோடி கிட்ட நிக்குதோ அதை ரெண்டு பேராப் பிடிச்சு இழுத்தால் நேராகும்.

இனிக் கால் வெட்டுத்தாள். அதில் நீளவாக்கில் ஒரு அம்புக்கோடு இருக்கும். மேல் நுனியில் இருந்து கரைக்கு 9 அங்குலம் எண்டால், கீழ் நுனியில் இருந்தும் 9 அங்குலம் வரவேணும். மேல் நுனிக்கு ஊசி குத்திப்போட்டு, கீழ்ப்பக்கத்தைத் திருப்பித் திருப்பி அளப்பம். துணி காணாது எண்டு தாளைச் சரிச்சு வைக்கிறதிலதான் அந்த முறுகல் தொடங்குது. அதைவிட உள்தொடைப் பக்கம் ஒரு சின்ன ஒட்டுப் போடலாம், ஒருத்தருக்கும் தெரியாது.

ரீசேட் துணிக்கு மட்டும் இந்த நூல் இழுக்கிற வேலை சரிவராது. அது பின்னின துணி.