இரவெல்லாம் ஒரு வழக்கு

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவில் வாடகைக் காரிற் புறப்பட்டோம். முன் ஆசனத்தில் என் சிற்றப்பா. புத்தளம் தாண்டியதும் வழக்குத் தொடங்கிற்று: 1996இல் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்று தந்தவர் யார்?

"சனத்!" என்றான் சாரதி.

"தம்பிக்குக் கார் ஓட்டத்தான் தெரியும். இறுதி ஆட்டத்தில் சனத் எடுத்தது 9. அரவிந்தவோ ஆட்டமிழக்காமல் 107, விக்கெட்டும் மூன்று!"

"ஐயா கடைசி ஆட்டம் மாத்திரம் பார்த்தவர். கால் இறுதியில் 44 பந்தில் 82 அடித்தவர் யார்?"

"அரை இறுதியில் 1 எடுத்தவர்!"

"அரவிந்தவோடு நின்று 65 எடுத்த குருசிங்கவை மறந்தீர்களே" என்றேன். இருவரும் சேர்ந்து என்னை ஏசினர்.

வவுனியாவில் தேநீர் அருந்தியபின் சாரதியை அரைமணி நேரம் உறங்கச் சொன்னார் சிற்றப்பா. என்னிடம் மெல்லக் கூறினார்: "சனத்தின் பெருமை எனக்குத் தெரியாதா? அநுராதபுரத்திலேயே அவன் கண் செருகிற்று. ஏச்சு உறக்கத்தைத் தள்ளிப்போடும், தீர்த்துவிடாது."

விடியலில் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட சாரதி சிரித்தான்: "திரும்பும்போதும் என்னையே அழையுங்கள், ஐயா. வழக்கு இன்னும் முடியவில்லை."