மூன்றாம் நாள் ரசம்



இதைப் படிப்பவர்களில் சிலரை நான் காரணம் சொல்லாமல் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தக் காரணம் எனக்கே இந்த வயதில்தான் புரிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் எனக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. துணைக்கு இருக்கிறேன் என்று என் பழைய மாணவி ஒருத்தி பத்து நாள் லீவு போட்டு வந்தாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) முதல் நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் நாள் இரவு என் தலைக்கு எண்ணெய் தடவி வாரிவிட்டாள். "எங்கம்மா போனதுக்கப்புறம் இப்படி யாருக்கும் செஞ்சதில்ல டீச்சர். உங்களத்தான் அம்மாவா நெனச்சுக்கறேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்தது போல இருந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் வைத்த ரசத்தில் குறை கண்டுபிடித்தேன். புளி அதிகம் என்றேன். பிறகு கதவைச் சாத்தும் சத்தம், போனில் பேசும் சத்தம் எல்லாமே குறையாகத் தெரிந்தது. நான்காம் நாள், "உனக்கும் வீடு வாசல் இருக்கு, நீ கிளம்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். முகம் வாடிப் போய்க் கிளம்பினாள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் எனக்கு மூச்சு சீரானது. 'அப்பாடா' என்றிருந்தது. எட்டு நாள் கழித்து அவளை நினைத்து ஏங்கினேன்.

என் வாழ்க்கையில் இது எத்தனையாவது முறை என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். கூட வேலை பார்த்த சிநேகிதி, நாத்தனார், மருமகள் எல்லோரிடமும் இதே வரிசைதான் நடந்திருக்கிறது. அவர்கள் நெருங்கி வருவார்கள், எனக்கு மூச்சு முட்டும், அவர்களிடம் குறை தெரியும், விலகுவேன், நிம்மதி வரும், பிறகு ஏக்கம் வரும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் அன்பாக இருக்க எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. காரணம் எளிது. ஏப்ரல் மாதம் அவர்கள் போய்விடுவார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது கல்வி உளவியலில் பாவ்லோவின் நாயையும் தார்ன்டைக்கின் பூனையையும் மனப்பாடம் செய்தோம். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லை. போன வருஷம்தான் அவரைப் பற்றிப் படித்தேன்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், குழந்தை பிறந்த முதல் வருஷம் முழுக்க தாயும் குழந்தையும் பழகுவதைப் பார்த்துக் குறித்தவர் அவர். ஒரு வயது வாக்கில் குழந்தைகளைப் பொம்மைகள் உள்ள புது அறைக்கு வரவழைத்தார். தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்ப வருவாள். பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் முக்கியமாகப் பார்த்தார். பெரும்பாலான குழந்தைகள் அம்மாவிடம் ஓடின. சில குழந்தைகள் அழுதும் அடங்கவில்லை. இன்னும் சில, அம்மா வந்ததைக் கவனிக்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையோடு இருந்தன. இந்தக் கடைசி வகைக் குழந்தைகளின் வீட்டுக் குறிப்புகளைப் பார்த்தால், குழந்தை ஒட்டிக்கொள்ள வரும்போது தாய் கூசி விலகியது பதிவாகியிருந்தது.

பார்ப்பவர்களுக்கு அவை சமத்துக் குழந்தைகள். ஆனால் 1977இல் ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் என்ற இருவர் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து எழுதினார்கள். முகம் அமைதியாக இருந்தாலும் இதயம் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எனக்கு நான்கு வயதிருக்கும்போது அம்மாவுக்குக் காசநோய். அவரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். என்னை அத்தை வீட்டில் விட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தேன். அத்தை நல்லவர். ஆனால் நான் அழும்போதெல்லாம், "அழுதா அம்மா வரமாட்டா. அழாம இருந்தாத்தான் சீக்கிரம் வருவா" என்பார். நான் அழுவதை நிறுத்தினேன். அம்மா திரும்பி வந்த அன்று நான் திண்ணையில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேனாம், எழுந்து போகவே இல்லையாம். "என்ன சமத்து பாரு, அம்மாவைத் தேடவே இல்ல" என்று எல்லோரும் மெச்சியதை வீட்டில் பெருமையாகவே சொல்வார்கள்.

அதன் பிறகும் அம்மா என்னைக் கிட்டே சேர்க்கவில்லை. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். நான் மடியில் ஏறப் போனால் கையை நீட்டித் தடுப்பார். நோய் ஒட்டிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. அது அன்புதான் என்பது இன்று எனக்குத் தெரிகிறது. சின்னக் குழந்தைக்கு அந்தக் கை மட்டும்தான் தெரியும்.

குழந்தை அங்கே ஒரு கணக்குப் போடுகிறது. மடிக்கு ஆசைப்பட்டால் அம்மா தள்ளிப் போகிறாள். ஆசையைக் காட்டாமல் இரண்டடி தள்ளி விளையாடினால் அம்மா அந்த அறையிலேயே இருக்கிறாள். ஆக, இந்த விலகல் அம்மாவை விட்டுப் போவதற்கு அல்ல. கிடைக்கிற அளவுக்காவது அம்மாவின் பக்கத்தில் இருப்பதற்கான வழி அது. அந்த வயதில் அது சரியான கணக்கு. அறுபது வயதில், தலை வாரிவிட ஒருத்தி வந்தபோதும் உடம்பு அதே கணக்கைத்தான் போட்டது. இதோ மடி, அடுத்தது கை நீட்டித் தடுப்பார்கள், அதற்கு முன் நீயே எழுந்துவிடு என்றது. ரசத்தில் ஒரு குறையும் இல்லை.

எல்லா விலகலும் இப்படி என்று சொல்லவில்லை. தனிமை சிலருக்கு இயல்பு. நம்மை அவமதிக்கிறவர்களிடமிருந்து விலகுவதுதான் சரி. என் விஷயத்தில் வித்தியாசம் தெரிவது இரண்டு இடத்தில். ஒன்று, எதிராளியின் தவறுக்குப் பின்னால் வராமல், அவர் காட்டிய பிரியத்துக்கு மறுநாள் எனக்குக் குறை தெரிகிறது. இரண்டு, அவர் போனதும் வரும் நிம்மதி நிலைக்காமல் ஏக்கமாகிவிடுகிறது.

அதனால் இப்போது யாரிடமாவது குறை தெரிய ஆரம்பித்தால், 'நேற்று இவர் எனக்கு என்ன செய்தார்?' என்று கேட்டுக்கொள்கிறேன். மூச்சு முட்டுவது நிற்கவில்லை. ஆனால் துரத்துவதற்குப் பதில் நேரம் சொல்லி விலகுகிறேன். "ரெண்டு மணி நேரம் என் ரூம்ல இருக்கேன்மா, நாலு மணிக்கு சேர்ந்து காபி குடிப்போம்" என்று மருமகளிடம் சொல்கிறேன். நாலு மணிக்கு வந்தும் விடுகிறேன். அம்மா எப்போது வருவார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. திரும்பி வரும் நேரம் தெரிந்தால் விலகல் யாரையும் அவ்வளவு காயப்படுத்துவதில்லை.

ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் அழாத பிள்ளைகளைச் 'சமத்து' என்று எல்லோர் முன்னும் நிறுத்தி நானே கைதட்டச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பலர் உண்மையிலேயே தைரியமான பிள்ளைகளாக இருந்திருக்கலாம். ஒன்றிரண்டு பேர் திண்ணையில் புளியங்கொட்டையோடு உட்கார்ந்திருந்தவர்களாகவும் இருந்திருக்கலாம். அவர்கள் பக்கத்தில் நான் போய் உட்காரவில்லை. அது நீங்களாக இருந்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

மாணவிக்குப் போன் செய்து இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்போ ரசம் நல்லாத்தான் இருந்துச்சா டீச்சர்?" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. வரும் மாதம் மூன்று நாள் தங்க வருகிறாள். அந்த மூன்றாம் நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். அதையும் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.