மாவு பொங்கினால்தான் கடை

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கும் அந்தச் சைவ உணவகத்தின் சமையலறைச் சுவரில் நேர அட்டவணை ஒட்டியிருக்கிறது. 4 மணிக்கு அடுப்பு, 6 மணிக்குக் கடை திறப்பு, இரவு 10.30க்கு அடைப்பு. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. எல்லோர் கண்ணும் மூலையில் இருக்கும் மாவு அண்டா மேல்தான்.

நான் போனது ஐப்பசி அடைமழையில், விடியுமுன். மாவு மாஸ்டர் மூடியைத் திறந்ததும் முகம் சுளித்தார். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணிக்கு மேல் ஆட்டியிருக்கிறார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, மிதக்கிறதா என்று பார்த்துத்தான் வழித்திருக்கிறார். ஆட்டியதில் குறையில்லை, குளிரில் மாவு புளிக்கவில்லை. முந்தின இரவு நின்ற மட்டத்திலிருந்து இரண்டு விரல் அளவுகூட ஏறவில்லை. ஓரத்தைக் கரண்டியால் விலக்கிக் காட்டினார். உள்ளே கண் கண்ணாக ஓட்டை தெரிய வேண்டும்; கூழ் போல மொழுமொழுவென்று கிடந்தது.

சோதனைக்கு ஒரு தட்டு ஊற்றி வேகவைத்தார்கள். வந்தது தட்டை இட்லி, பிய்த்தால் பிசுபிசுப்பு. சரக்கு மாஸ்டர் ஒரு வாய் தின்றுவிட்டு, “இட்லி ஏழு மணிக்குத்தாண்ணே” என்றார். அண்டாவை வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வைத்தார்கள். சூடான தண்ணீர் கூடாதாம், ஓரத்து மாவு வெந்துவிடும்.

அந்த ஒரு மணி நேரத் தாமதம் எல்லோர் வேலையையும் மாற்றியது. பொங்கலுக்கு அரிசியும் பாசிப்பருப்பும் கூடுதலாக விழுந்தன. வடை போடுகிறவர் முதல் சட்டியோடு நிற்காமல் இரண்டாவது சட்டியிலும் எண்ணெய் காய வைத்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த தம்பி பூரி தேய்க்க வந்தார். தேங்காய்ச் சட்னியை மட்டும் வழக்கத்தில் பாதிதான் அரைத்தார்கள். அது சில மணி நேரத்தில் மாறிவிடும் சரக்கு. தண்ணீர் பிரிந்து மேலே சிறு நுரை கட்டினால் கொட்டத்தான் வேண்டும். புதுச் சட்னியில் கலந்தால் அதையும் கெடுத்துவிடும்.

ஏழேகாலுக்கு முதல் ஈடு இட்லி இறங்கியது. பத்துப் பன்னிரண்டு நிமிட வேக்காடு, கொஞ்சம் ஆறவிட்டு, துணியின் மேல் தண்ணீர் தெளித்து உரிப்பு. ஒரு ஈடு பாதி விற்றதுமே அடுத்ததை ஏற்றிவிட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். தீர்ந்த பிறகு ஏற்றினால் இலை போட்டவர் காத்திருப்பார்.

எட்டரைக்குக் கூட்டம் நெரித்தது. நான் தோசைக்கல் பக்கம் ஒதுங்கினேன். “ரெண்டு ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம், ஒரு சாதா” என்று சப்ளையர் சொன்ன வரிசையில் தோசை மாஸ்டர் ஊற்றவில்லை. ஊத்தப்பம் மெதுவாக வேக வேண்டியது என்பதால் அதைச் சூடு குறைந்த ஓரத்தில் முதலில் ஊற்றினார். நடுக்கல் ரோஸ்ட்டுக்கு. சூடு ஏறிவிட்டால் தேய்க்கும்போதே மாவு கரண்டியோடு வந்துவிடும். உடனே ஒரு வீச்சுத் தண்ணீர், துடைப்பத்தால் ஒரு இழுப்பு, அடுத்த தோசை. ஒரே நேரத்தில் கல் நிறைய ஊற்றுவது வேகம் போலத் தெரியும். கல் ஆறி எல்லாம் வெளுத்துப்போகும். முதலாளி கல்லாவிலிருந்து அவசரப்படுத்தியும் அவர் ஓர் இடத்தைக் காலியாகவே விட்டார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

இதற்கு நடுவிலேயே சரக்கு மாஸ்டர் மதியச் சாப்பாட்டுக்குத் துவரம்பருப்பு ஏற்ற அடுப்பு கேட்டார். இட்லி தாமதமானதால் காலியாகவில்லை. காலைச் சாம்பாரோ இறுகிக்கொண்டிருந்தது. கொதிநீர் விட்டுத் தளர்த்தி, உப்புப் பார்த்து அனுப்பினார்கள். பருப்பு ஏறியது பத்து மணிக்கு மேல். அதற்கு மாவு மாஸ்டர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரவு அடைக்கும்போது கல்லைச் சுரண்டி எண்ணெய் தடவினார்கள். கிரைண்டர் குழவியின் அடியில் ஒட்டிய மாவை விரல்விட்டு வழித்துக் கழுவினார்கள். அது தங்கினால் மறுநாள் மாவு ஒரேயடியாகப் புளிக்கும். மீந்த மாவு புதியதில் சேராது, காலை ஊத்தப்பத்துக்குத் தனியாக நிற்கும். கேஸ் வால்வை மூடுவது கடைசியாகப் போகும் கிளீனர் பொறுப்பு. மூடிவிட்டு மேற்பார்வையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மாவு மாஸ்டர் அன்று மாலை 4 மணிக்கே ஆட்டி முடித்திருந்தார். சித்திரை வெயிலில் இதே மாவை இரவு ஒன்பதுக்குத்தான் ஆட்டுவாராம், அதுவும் ஐஸ் தண்ணீர் விட்டு.